அப்பாவின் குரலை நம்பி வெள்ளியை எடுத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அப்பா, அண்ணன் தம்பி மூன்று பேர், கணக்குப்பிள்ளை என ஐந்து பேர். மாதக் கூட்டத்தை போனில் ஒரு ஆப்பில் பதிவு செய்தால் யார் என்ன பேசினார்கள் என்று ஐந்து பேரையும் சரியாகப் பிரித்துக் கொடுக்கிறது. அப்பா இப்போது ஏற்காட்டில் இருக்கிறார். 'இன்னாருக்கு இத்தனை கிலோ வெள்ளி கொடுத்தனுப்பு' என்று போனில்தான் சொல்வார். அவர் குரலைக் கண்டுபிடித்து ஓகே சொல்கிற சிஸ்டம் ஒன்று வைத்துவிட்டால் போதும் என்கிறான் தம்பி. போதுமா?

போதாது. ஆனால் உங்கள் தம்பி யோசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்து பேர் குரலையும் பிசகாமல் பிரிக்கத் தெரிந்த ஒன்றுக்கு ஒருவர் குரலை அடையாளம் காணத் தெரியாதா என்று யாருக்கும் தோன்றும். அந்த ஆப் செய்கிற வேலையும் தம்பி எதிர்பார்க்கிற வேலையும் வேறு வேறு என்பதில்தான் சிக்கல். முதலாவதற்கு டயரைசேஷன் என்று பெயர். ஒரு பதிவுக்குள் யார் எப்போது பேசினார்கள் என்று பிரித்து வைப்பது. இரண்டாவது வெரிஃபிகேஷன். 'நான்தான் இன்னார்' என்று வருகிற குரல் அவருடையதுதானா என்று பார்ப்பது. எனக்குச் சொந்த ஊர் சேலம் குகைப் பகுதி. கஸ்டமர் கேர் அழைப்புப் பதிவுகளில் இந்த இரண்டு வேலைகளையும் 11 வருடம் செய்திருக்கிறேன். வெள்ளித் தொழில் எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனாகப் பார்த்ததோடு சரி. அதனால் குரல் சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்வேன், பட்டறை சம்பந்தப்பட்டதில் தவறு இருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

ஒரு தட்டில் ஐந்து டிசைன் கொலுசுகள் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் புதிதாக வந்த பையனிடம் 'ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒன்றாக வை' என்றால் வைத்துவிடுவான். எந்த டிசைனுக்கு என்ன பெயர், யார் செய்தது என்று எதுவும் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒன்றையொன்று பார்த்து ஒப்பிட்டாலே போதும். அது டயரைசேஷன். இப்போது வெளியாள் ஒருவர் ஒற்றைக் கொலுசைக் கொண்டுவந்து 'இது உங்கள் பட்டறைச் சரக்கு, எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள்' என்கிறார். அது உங்களுடையதா, உங்கள் டிசைனைப் பார்த்து வேறொருவர் அடித்ததா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இது வெரிஃபிகேஷன். முதல் வேலையைப் பையனிடம் விடுவீர்கள். இரண்டாவதை விடமாட்டீர்கள்.

ஆப் உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதலில் பதிவில் எங்கெல்லாம் பேச்சு இருக்கிறது, எங்கெல்லாம் வெறும் இரைச்சல் என்று பிரிக்கும். பிறகு பேச்சை ஒன்றரை விநாடி அளவுள்ள சிறு துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும்படி நறுக்கும். ஒவ்வொரு துண்டையும் ஒரு நியூரல் நெட்வொர்க் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றும். என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை முடிந்தவரை கழித்துவிட்டு, தொண்டை, வாய், மூக்கின் அமைப்பாலும் பேசும் பழக்கத்தாலும் குரலில் படிகிற சாயலை மட்டும் அந்த எண்களில் பிடிக்கப் பார்க்கிறார்கள். எண்வரிசைகள் நெருக்கமாக இருக்கிற துண்டுகள் ஒரு குவியலில் சேரும். எத்தனை குவியல் வருகிறதோ அத்தனை பேர் பேசினார்கள் என்று ஆப் முடிவு செய்கிறது. இந்தத் துறையில் முடிவை எழுதிவைக்கிற ஆர்டிடிஎம் என்ற கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
SPEAKER kootam 1 12.40 3.15 <NA> <NA> SPEAKER_01 <NA> <NA>
```

12.40-வது விநாடியில் தொடங்கி 3.15 விநாடி நேரம் SPEAKER_01 பேசினார் என்று இதற்குப் பொருள். இதில் உங்கள் அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் அவரே SPEAKER_03 ஆகிவிடலாம். உங்கள் ஆப் பெயர் போட்டுக் காட்டுகிறது என்றால், நீங்கள் ஒருமுறை தட்டி எழுதிய பெயரைத்தான் அந்தக் குவியல்மேல் ஒட்டியிருக்கும். சில ஆப்கள் போன கூட்டத்துக் குரலோடு ஒப்பிட்டுத் தாங்களாகவே பெயர் போடுவதுண்டு. அதுவும் ஐந்து பேரில் யாருக்கு நெருக்கம் என்று பார்க்கிற வேலைதான்.

அப்படியானால் உங்கள் கூட்டத்தில் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம் என்ன? ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே போன் முன்னால், ஒரே நாளில் பேசினீர்கள். அறையின் எதிரொலி, மைக்கின் குணம், அன்றைய மின்விசிறிச் சத்தம் எல்லாம் ஐந்து பேருக்கும் பொது. மீதமிருந்த வித்தியாசம் குரல் மட்டும்தான். அப்பாவுக்கு அன்று சளி பிடித்திருந்தாலும் கூட்டம் முழுக்க அதே சளிக் குரல்தான், அதனால் அவர் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே யாரும் இன்னொருவர்போல் நடிக்கவில்லை. போன் அழைப்பில் இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்காது.

அந்தச் சுலபமான வேலையிலும் ஆப் எவ்வளவு சரி என்பதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். டயரைசேஷன் பிழையை அளக்க மூன்று வகைத் தவறுகளின் நேரத்தைக் கூட்டுவார்கள்: விட்டுப்போன பேச்சு, பேச்சே இல்லாத இடத்தில் பேச்சு என்று காட்டியது, ஒருவர் பேச்சை இன்னொருவர் கணக்கில் எழுதியது. கூட்டியதை மொத்தப் பேச்சு நேரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் 40 நிமிடப் பேச்சு, அதாவது 2400 விநாடி இருக்கிறது என்று கொள்வோம். அப்பா அதிகம் பேசாதவர். மொத்தமே 20 விநாடி பேசினார், அதில்தான் 'இந்த மாதம் அவருக்குக் கடன் வேண்டாம்' என்றார். அந்த 20 விநாடியையும் ஆப் அண்ணன் கணக்கில் போட்டுவிட்டது. 20-ஐ 2400-ஆல் வகுத்தால் 0.83% பிழை. காகிதத்தில் அபாரமான மதிப்பெண்! அப்பா பேசியதோ முழுக்கக் காணாமல் போய்விட்டது. குறைவாகப் பேசுபவர்கள் இப்படி விழுங்கப்படுவது நான் அடிக்கடி பார்த்த தவறு. ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறிப் பேசும் இடங்களும், 'ம்', 'சரி', 'ஆகட்டும்' போன்ற அரை விநாடிச் சொற்களும் அடுத்தபடி. பாலிஷ் மோட்டார் ஓடும்போது ஒருவர் எழுந்து அதன் பக்கம் போய்ப் பேசினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பிரிவதும் உண்டு. அதனால் கூட்டக் குறிப்பை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'நீ அன்று இப்படிச் சொன்னாய், ஆப்பிலேயே இருக்கிறது' என்று சகோதரர்களுக்குள் வழக்காட அதை எடுக்காதீர்கள், மூலப் பதிவைப் போட்டுக் கேளுங்கள்.

இனி வெரிஃபிகேஷன். அப்பாவை இரண்டு மூன்று முறை பேசவைத்துப் பதிவு செய்து, அந்த எண்வரிசைகளின் சராசரியை அவர் பெயரில் சேமித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு அழைப்பு வரும்போது அந்தக் குரலின் எண்வரிசையை இதனோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் வரும். அதிகபட்சம் 1. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், இயந்திரம் ஆமாம், இல்லை என்று எதுவும் சொல்வதில்லை. 0.47, 0.62 என்று ஒரு எண்ணை மட்டும் தருகிறது. இன்ஜினியரிங் கவுன்சலிங் மாதிரி ஒரு கட்-ஆஃப் வைத்து, அதற்கு மேலே வந்தால் அப்பா, கீழே வந்தால் வேறு ஆள் என்று முடிவு செய்வது நாம்தான். கடவுச்சொல்லில் இந்த வேலை கிடையாது. அது எழுத்துக்கு எழுத்து பொருந்தும், அல்லது பொருந்தாது.

கட்-ஆஃப் வைப்பதில் என்ன தொல்லை என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் அப்பாவின் குரலை வீட்டு ஹாலில் மூன்று முறை பதிவு செய்து வைத்துக்கொண்டேன். பிறகு மூன்று வாரத்தில் அவர் பேசிய 20 அழைப்புகளை ஒப்பிட்டேன். சில வீட்டிலிருந்து, சில பழைய பஸ் ஸ்டாண்ட் இரைச்சலிலிருந்து, நான்கு அழைப்புகள் ஏற்காடு மலைப்பாதையில் பஸ்ஸிலிருந்து. அதோடு என் தம்பியை அப்பாபோல் பேசச் சொல்லி 10 அழைப்புகள். மிமிக்ரி தெரிந்தவனில்லை. வீட்டில் அப்பா இல்லாதபோது அவரைப்போல் பேசிக் காட்டுகிற அளவுதான், எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை செய்வதுதான். கட்-ஆஃப் 0.50 வைத்தபோது அப்பாவின் 20 அழைப்பில் 6 தள்ளுபடியாயின, தம்பியின் 10 அழைப்பில் 1 உள்ளே வந்தது. நிஜமான அப்பாவை ஆறு முறை வெளியே நிறுத்துகிற பூட்டை எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவைக்க மாட்டார்கள் என்பதால் 0.40-க்கு இறக்கினேன். அப்பா 2 முறை மட்டும் தள்ளுபடி. ஆனால் தம்பி 4 முறை உள்ளே வந்துவிட்டான். நான் பயன்படுத்திய மாடலின் நிரலில் முன்கூட்டியே வைத்திருக்கும் கட்-ஆஃப் 0.25. அதில் அப்பா ஒருமுறைகூடத் தள்ளப்படவில்லை, தம்பி 10-க்கு 8. பத்துக்கு நான்கு என்கிற நிலையில் மூன்று முறை முயல விட்டால் ஒருமுறையாவது நுழைந்துவிடும் வாய்ப்பு சுமார் 78% ஆகிறது. ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. 30 அழைப்புகளை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது, உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் நெகிழும் என்பது எந்த வீட்டிலும் மாறாது.

'நான் படித்ததில் பிழை 1%-க்கும் குறைவு என்றிருக்கிறதே' என்று உங்கள் தம்பி கேட்கலாம். அவர் படித்தது பொய்யில்லை. வாக்ஸ்செலப் என்று ஒரு பொதுத் தரவுத்தொகுப்பு இருக்கிறது. யூடியூப் வீடியோக்களிலிருந்து எடுத்த, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரபலங்களின் குரல்கள் அதில் உள்ளன. அதன் சோதனைப் பகுதியில் நல்ல மாடல்கள் 1%-க்கும் குறைந்த பிழைக்கு இறங்கிவிட்டன. தவறாகச் சேர்ப்பதும் தவறாகத் தள்ளுவதும் சமமாகிற இடத்தில் எடுத்த கணக்கு அது. ஆனால் அங்கே ஒருவர் குரலோடு ஒப்பிடப்படுகிறவர் பெரும்பாலும் அவருக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர். அவருக்கு இவர்போல் பேச வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. உங்கள் பட்டறையில் அப்பா பெயரில் வெள்ளி வாங்க நினைக்கிற ஆள் வேறு நாட்டில் இருக்கப்போவதில்லை. அப்பா எப்படிப் பேசுவார், கணக்குப்பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று தெரிந்த ஒருவராகத்தான் இருப்பார். ரத்த உறவாகவும் இருக்கலாம். அப்பா மகன், அண்ணன் தம்பி குரல்கள் நெருங்கி இருப்பதற்கு எலும்பு அமைப்பும் காரணம், ஒரே வீட்டில் வளர்ந்து ஒரே இழுவையில் பேசுவதும் காரணம்.

பிழை எல்லார்மேலும் சமமாக விழுவதில்லை என்பதை இந்தத் துறையில் 1998-லேயே ஒரு ஆய்வுக் கட்டுரை ஆட்டுப்பட்டி உவமையில் சொல்லிவிட்டது. பெரும்பாலானவர்கள் செம்மறிகள், இயந்திரத்துக்கு அடங்கியவர்கள். சிலர் வெள்ளாடுகள், அவர்களையே அவர்கள் என்று இயந்திரம் ஒத்துக்கொள்ளாது. சிலர் ஆட்டுக்குட்டிகள், அவர்களைப்போல் பேசுவது பிறருக்குச் சுலபம். சிலர் ஓநாய்கள், அவர்கள் குரல் பலரோடும் பொருந்திப் போகும். உங்கள் அப்பா இதில் எந்த வகை என்பதை எந்தக் கம்பெனியின் விளம்பரத் தாளும் சொல்லாது. பல்செட் வைத்தவர்கள், வயதால் குரல் நடுங்குகிறவர்கள் வெள்ளாடாகிவிடுவதை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயது என்றதும் இன்னொன்று. குரல் வருடத்துக்கு வருடம் மெல்ல மாறும். இன்று பதிந்த குரலோடு ஐந்து வருடம் கழித்து ஒப்பிட்டால் மதிப்பெண் இறங்கும். அதற்காக, தேறிய ஒவ்வொரு அழைப்பையும் பழைய பதிவோடு சேர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும்படி சில சிஸ்டங்களை அமைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருமுறை வேறு ஆள் தேறிவிட்டால் அவர் குரலும் அப்பாவின் பதிவில் கலந்துவிடும், அடுத்த முறை அவருக்கு மதிப்பெண் கூடும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரின் பதிவு சில மாதங்களில் கணவன் மனைவி இருவரின் கலவையாகிவிட்டது. அந்த அம்மாள் கணவருக்காக அடிக்கடி அழைத்துப் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். புகார் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

கடவுச்சொல்லோடு வைத்துப் பார்த்தால் குரல் எங்கே நிற்கிறது? நாலு இலக்கப் பின் நம்பரைக் குருட்டாம்போக்கில் ஒருமுறை அடித்தால் சரியாக வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. 1% பிழையுள்ள குரல் பூட்டில், முன்பின் தெரியாத ஆளுக்கே நூற்றில் ஒன்று. இந்த நூறு மடங்கு வித்தியாசம் இன்னும் நல்ல மாடல் வந்தால் குறையும். குறையாதது வேறொன்று: பின் நம்பர் ரகசியம், குரல் ரகசியமில்லை. உங்கள் அப்பா தினமும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டிலும் தன் சாவியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பின் நம்பர் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்வீர்கள். குரல் களவு போனால் அப்பாவுக்கு வேறு தொண்டை வாங்கித்தர முடியாது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டியும் இதைத்தான் காரணமாகக் காட்டியது. கைரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்கள் ரகசியங்கள் ஆகா என்று சொல்லி, போன், சாவிக்கருவி போல் கையில் வைத்திருக்கிற ஒரு பொருளோடு சேர்த்து மட்டுமே அவற்றைப் பயன்படுத்தச் சொன்னது. அதோடு, தவறாக ஏற்பது ஆயிரத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்றும் கேட்டது.

வங்கிகளிலேயே இது சறுக்கியிருக்கிறது. 2017-ல் பிபிசி செய்தியாளர் ஒருவர் பிரிட்டனில் எச்எஸ்பிசி வங்கியில் தன் குரலையே அடையாளமாகப் பதிந்து கணக்குத் தொடங்கினார். அவருடைய இரட்டைச் சகோதரர் போனில் அவரைப்போல் பேசிப் பார்த்தார். உருவத்தில்கூட ஒன்றுபோல் இல்லாத இரட்டையர்கள் அவர்கள். ஏழு முறை தோற்று எட்டாவது முறை உள்ளே போய்விட்டார். பணத்தை எடுக்க முடியவில்லை, ஆனால் இருப்பும் வரவு செலவும் காதுக்கு வந்துவிட்டன. எனக்கு இதில் உறுத்துவது அந்த ஏழு தோல்விகள்தான். ஏழு முறை தவறிய பிறகும் எட்டாவது முறை கேட்க அந்த சிஸ்டம் தயாராக இருந்தது. பின் நம்பருக்கு மூன்றோடு நிறுத்துகிறவர்கள், குரலுக்கு 'சளியாக இருக்கும், இன்னொரு முறை சொல்லட்டும்' என்று இரக்கப்படுகிறார்கள். நிஜமான வாடிக்கையாளரும் தவறுவார் என்பது தெரிந்திருப்பதால் அந்த இரக்கம் இல்லாமலும் முடியாது.

அது மனிதர் செய்த நடிப்பு. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், மூன்று விநாடிப் பதிவு இருந்தாலே அந்தக் குரல் சாயலில் எதையும் பேசவைக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் பிரிட்டனில் ஒரு பத்திரிகையாளர், இணையத்தில் கிடைக்கிற குரல் நகல் சேவையை வைத்துத் தன் சொந்த வங்கிக் கணக்கின் குரல் பூட்டைத் திறந்து காட்டினார். சில முயற்சிகள் தோற்றன, பிறகு திறந்தது. இவையெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழ்க் குரல் நகலில் உச்சரிப்பு தடுக்கினால் நம் காது கண்டுபிடித்துவிடலாம். வெரிஃபிகேஷன் மாடல் உச்சரிப்பைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, சாயலைத்தான் பார்க்கிறது. நமக்குச் செயற்கையாகப் படுகிற குரலும் அதனிடம் நல்ல மதிப்பெண் வாங்கலாம்.

போலிக் குரலைப் பிடிக்கத் தனிக் கருவிகளும் உண்டு, 2015-லிருந்து அதற்கென்றே ஆய்வாளர்களிடையே தொடர்ந்து போட்டிகள் நடக்கின்றன. பயிற்சியில் பார்த்த வகை ஏமாற்றை அவை நன்றாகவே பிடிக்கும். பார்க்காத புது வகை வந்தால் திறன் இறங்கிவிடும். இதில் உங்களுக்குக் கூடுதலாக ஒரு பாதகம் இருக்கிறது. பழைய முறைத் தொலைபேசி இணைப்பு விநாடிக்கு 8000 மாதிரிகள்தான் எடுக்கும், அதனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் அதில் வராது. நடைமுறையில் 300 முதல் 3400 வரைதான் தேறும். நகல் குரலின் தடயங்களில் ஒரு பகுதி மேலே உள்ள அந்த நுண்ணொலிகளில்தான் இருக்கும், லைனில் வரும்போது அவை உதிர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் சிக்னல் விட்டு விட்டு வரும் அழைப்பில் நிஜக் குரலே கொஞ்சம் இயந்திரக் குரல்போல் ஆகிவிடும் என்பது வேறு. 'ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்களைச் சொல்லச் சொல்லலாமே' என்பார்கள். பழைய பதிவைப் போட்டுக் காட்டுகிறவனை அது நிறுத்தும், எண்ணைத் தட்டினால் அப்பா குரலில் படித்துக் காட்டுகிற கருவி வைத்திருப்பவனை நிறுத்தாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. அப்பா போன் செய்து சொன்னால், 'சரிப்பா' என்று வைத்துவிட்டு, பதிந்து வைத்த அவர் எண்ணுக்குக் கணக்குப்பிள்ளை தானே திருப்பி அழைக்க வேண்டும். வந்த அழைப்பில் திரையில் தெரிகிற எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். நாம் அழைக்கிற அழைப்பு பொதுவாக அவர் சிம்முக்குத்தான் போகும். அப்போது சீட்டு எண், ஆள் பெயர், எடை மூன்றையும் அப்பா சொல்லட்டும், கணக்குப்பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் என்றால் அப்பாவோடு சேர்த்து உங்கள் மூவரில் ஒருவரும் ஒப்ப வேண்டும். அந்த எடை எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். குரல் சிஸ்டத்தையும் தம்பி வைத்தே ஆக வேண்டும் என்றால் அதை ஒரே திசையில் மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பெண் குறைந்தால் 'இன்னொரு முறை விசாரி' என்று மணி அடிக்கட்டும். மதிப்பெண் கூடியதால் மட்டும் பெட்டி திறக்கக் கூடாது.

தம்பிக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் அவரே சோதிக்கட்டும். பைத்தான் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், speechbrain என்ற நிரல் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது:

```python
from speechbrain.inference.speaker import SpeakerRecognition
m = SpeakerRecognition.from_hparams(
    source="speechbrain/spkrec-ecapa-voxceleb")
score, same = m.verify_files("appa1.wav", "appa2.wav")
print(score, same)
```

same என்பதில் True வந்தால் மதிப்பெண் 0.25-ஐத் தாண்டியது என்று மட்டுமே பொருள், அதனால் score-ஐ மட்டும் பாருங்கள். அப்பாவின் அழைப்புகள் பத்து, வெவ்வேறு நாட்களில், அதில் குறைந்தது இரண்டு மலைப்பாதையிலிருந்து வந்ததாக இருக்கட்டும். உங்கள் மூவரும் அப்பாபோல் பேசியவை தலைக்குப் பத்து. ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, அப்பாவின் மிகக் குறைந்த மதிப்பெண்ணையும் உங்கள் மூவரின் மிக அதிக மதிப்பெண்ணையும் வட்டமிடுங்கள். உங்களுடையது மேலே இருந்தால் எங்கே கட்-ஆஃப் வைத்தாலும் யாராவது ஒருவர் தவறான பக்கம் விழுவார். அப்பாவுடையதே மேலே இருந்தால், கடைசியாக ஒன்று செய்து பாருங்கள்: அவருடைய பழைய அழைப்பு ஒன்றை ஒரு போனின் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதை இன்னொரு போனில் பதிவு செய்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். என்ன மதிப்பெண் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.